கருணை மனு அல்ல, கணக்குத் தீர்ப்பு: காப்புறுதி நிராகரிப்புக்கு எழுதவேண்டிய பதில்

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய் ஒருவர் ரொறன்ரோவில் திடீரென நோயுறுகிறார். வைத்தியசாலையில் நான்கு நாட்கள் இருந்து, உயிர்தப்பி வீடு திரும்புகிறார். காப்புறுதி இருக்கிறது என்ற நிம்மதியில் குடும்பம் இருக்கிறது. இரண்டு மாதங்களின் பின் ஒரு கடிதம் வருகிறது. “தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகின்றோம்.” அதன் பொருள், வைத்தியசாலைக் கட்டணமான 46,000 டொலரையும் குடும்பமே செலுத்தவேண்டும் என்பதாகும்.

அன்றிரவே மகன் மேன்முறையீட்டுக் கடிதம் எழுத உட்காருகிறார். தாயார் ஒருநாளும் பொய் சொல்லாதவர், போரில் வீடுவாசல் இழந்தவர், காப்புறுதிப் பணத்தை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறோம், இரண்டு வேலை செய்தும் வீட்டுக்கடன் கட்டச் சிரமப்படுகிறோம், தயவுசெய்து மனமிரங்குங்கள் என்று மூன்று பக்கங்கள் நீள்கிறது அக்கடிதம். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் அக்கடிதம் பெரும்பாலும் தோற்றுப்போகும். காரணம், நிறுவனம் கேட்காத கேள்விகளுக்கு அது பதில் சொல்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

காப்புறுதி என்பது உதவியன்று, ஒப்பந்தம். நிராகரிப்பும் ஓர் ஒப்பந்த வாசகத்தைக் காட்டியே செய்யப்படுகிறது. அந்த வாசகம் இந்த நோயாளிக்குப் பொருந்தாது என்பதை அவருடைய மருத்துவப் பதிவுகளைக் கொண்டே காட்டுவதுதான் மேன்முறையீட்டின் முழு வேலையும். இதனைப் புலம்பெயர் குடும்பங்கள், குறிப்பாகப் பெற்றோருக்காகக் கடிதம் எழுதும் இளையோர், விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும்.

எந்த வாசகத்தில் சிக்குகிறார்கள்?

கனடாவில் 2011 டிசம்பரில் அறிமுகமான சுப்பர் விசாவின் கீழ் வரும் பெற்றோரும் பேரன் பேத்திகளைப் பார்க்கவரும் முதியோரும் குறைந்தது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும், 100,000 டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வைத்திருக்கவேண்டும் என்பது விதி. ஒன்ராறியோ மாகாணத்தின் அரச மருத்துவக் காப்பு இவர்களுக்குக் கிடையாது. ஆகவே வைத்தியசாலைச் செலவு முழுவதும் இந்தத் தனியார் காப்புறுதியையே நம்பியிருக்கிறது.

அறுபது வயதைக் கடந்தவர்களுள் குருதி அமுக்கமோ, நீரிழிவோ, கொழுப்போ இல்லாதவர் அரிது. காப்புறுதிப் பத்திரங்கள் இவற்றை “முன்னரே இருந்த நோய்” என்கின்றன. அவ்வாறு நோய் இருந்தாலே காப்பு இல்லை என்று பல பத்திரங்கள் சொல்வதில்லை. அந்நோய் “நிலையாக” இருந்திருக்கவேண்டும் என்றே சொல்கின்றன. காப்புத் தொடங்கும் நாளுக்கு முந்திய 90, 120, 180 நாட்கள் என்று பத்திரத்துக்குப் பத்திரம், வயதுக்கு வயது இந்தக் காலம் வேறுபடும். அக்காலத்தினுள் புதிய நோயறிகுறி தோன்றியிருக்கக்கூடாது. இருந்த அறிகுறி மோசமடைந்திருக்கக்கூடாது. புதிய மருந்து தொடங்கப்பட்டிருக்கக்கூடாது. மருந்தின் அளவோ எத்தனை தடவை என்பதோ கூட்டப்பட்டோ குறைக்கப்பட்டோ இருக்கக்கூடாது. நிபுணரிடம் அனுப்பப்பட்டோ, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தோ இருக்கக்கூடாது. பலர் எண்ணுவதுபோல “நிலையானது” என்றால் “சுகமாக இருந்தார்” என்பது பொருளன்று. அது பத்திரத்தின் பொருள் வரையறைப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும் ஒரு பட்டியல். குருதி அமுக்கம் நன்றாக இறங்கியதால் மருந்தைக் குறைத்திருந்தால்கூட, பல பத்திரங்களின்படி அது மாற்றமே ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு

பல குடும்பங்களில் நடப்பவற்றைத் திரட்டி ஓர் எடுத்துக்காட்டாக அமைத்துப் பார்க்கலாம். தாய்க்கு வயது 67. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரச வைத்தியசாலையொன்றின் கிளினிக்கில் குருதி அமுக்கத்துக்கு மருந்து எடுப்பவர். அவருடைய காப்புறுதி 2024 மே 10 அன்று, ரொறன்ரோவில் வந்திறங்கிய நாளில் தொடங்கியது. பத்திரம் கேட்பது 180 நாள் நிலைத்தன்மை. அதாவது 2023 நவம்பர் 12 முதல் 2024 மே 9 வரை. கணக்குப் பார்க்கவேண்டிய காலம் இதுமட்டுமே.

2024 ஆகஸ்ட் 2 அதிகாலை நெஞ்சுவலி. ஆம்புலன்சில் வைத்தியசாலை. மாரடைப்பு எனக் கண்டு இதயக் குருதிக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஒக்டோபர் 9 திகதியிட்ட நிராகரிப்புக் கடிதம் இரண்டு காரணங்களைச் சொன்னது. முதலாவது, 180 நாட்களுக்குள் லொசார்டன் என்ற குருதி அமுக்க மருந்தின் அளவு இருமுறை மாற்றப்பட்டுள்ளது. இரண்டாவது, அவசர சிகிச்சைப் பிரிவின் முதற்குறிப்பில் “ஆறு மாதமாக நெஞ்சுவலி” என்று பதிவாகியுள்ளது. ஆகவே பயணத்துக்கு முன்பே அறிகுறி இருந்திருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் அசைக்கமுடியாத காரணங்கள். குடும்பத்தினர் இவ்விடத்தில்தான் மனம் தளர்ந்து, சட்டத்தை விட்டுவிட்டு இரக்கத்தைக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

எழுதுவதற்கு முன் சேர்க்கவேண்டியவை

காப்புறுதி பெற்றவர் தாயாரே. ஆகவே மகன் எழுதுவதாயின், தன் சார்பில் செயற்பட அனுமதிக்கும் கையொப்பமிட்ட பத்திரமொன்றைத் தாயார் முதலில் கொடுக்கவேண்டும். இஃதில்லாத காரணத்தால் மட்டும் வாரக்கணக்கில் பதிலின்றிக் கிடக்கும் கடிதங்கள் உண்டு.

அடுத்து, காப்புறுதிப் பத்திரத்தின் முழுப் பிரதி. முகவர் அனுப்பிய ஒருபக்கச் சுருக்கம் போதாது. பொருள் வரையறைகளும், விலக்கு வாசகங்களும், விண்ணப்பத்தில் நிரப்பிய மருத்துவக் கேள்விகளும் அதில் இருக்கவேண்டும். நிறுவனம் தன் கோவையில் வைத்திருக்கும் தாயாரின் தகவல்களையும் எழுத்தில் கேட்கலாம். கனடாவின் தனியார்துறைத் தனியுரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பொதுவாக 30 நாட்களுக்குள் பதிலளிக்கவேண்டும். எந்தப் பக்கத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது அதில்தான் தெரியவரும்.

மூன்றாவது, மருத்துவப் பதிவுகள். இங்கேதான் இலங்கையின் நடைமுறை ஒன்று பெருந்துணையாகிறது. அரச கிளினிக்கில் நோயாளியின் பதிவு ஒரு கொப்பியாக நோயாளியின் கையிலேயே இருக்கும். வைத்தியர் ஒவ்வொரு தடவையும் குருதி அமுக்க அளவையும் மருந்தையும் அதில் எழுதுவார். வைத்தியசாலையில் தங்கியிருந்தவருக்கு, வெளியேறும்போது டயக்னோசிஸ் கார்ட் கிடைக்கும். பயணப்பெட்டியில் இடமில்லை என்று அந்தக் கொப்பியை ஊரில் விட்டுவிட்டு வருவோர் பலர். பழையதென்று எறிந்துவிடுவோரும் உளர். 46,000 டொலர் பெறுமதியான சாட்சி அது.

கனடாப் பக்கத்தில், வைத்தியசாலையின் பதிவுத் திணைக்களத்திலிருந்து முழுக் கோவையையும் கேட்டுப் பெறவேண்டும். வெளியேற்றச் சுருக்கம் மட்டும் போதாது. தாதியின் முதற்குறிப்பு, அவசரப் பிரிவு வைத்தியரின் குறிப்பு, இதயநோய் நிபுணரின் குறிப்பு, ஆம்புலன்ஸ் பணியாளரின் அறிக்கை ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பெயர்சொல்லிக் கேட்டல் நன்று. ஆம்புலன்ஸ் அறிக்கையைச் சில வேளைகளில் ஆம்புலன்ஸ் சேவையிடமே தனியாகக் கேட்கவேண்டியிருக்கும்.

முதற்காரணம்: மாத்திரையா, மருந்தின் அளவா?

கிளினிக் கொப்பியைத் திறந்து பார்ப்போர்க்கு உண்மை ஐந்து நிமிடத்தில் புலப்படும். 2023 ஒக்டோபர் 18: லொசார்டன் 50 மி.கி., நாளுக்கு ஒரு தடவை, ஒரு மாத்திரை. 2024 ஜனவரி 17: லொசார்டன் 25 மி.கி., நாளுக்கு ஒரு தடவை, இரண்டு மாத்திரை. 2024 ஏப்ரல் 17: மீண்டும் 50 மி.கி., ஒரு மாத்திரை. ஜனவரிக் குறிப்பின் ஓரத்தில், 50 மி.கி. மாத்திரை கையிருப்பில் இல்லை என்று வைத்தியர் எழுதியிருக்கிறார்.

இருபத்தைந்து இரண்டு தடவை ஐம்பது. நோயாளி எடுத்த மருந்தின் அளவு ஒருநாளும் மாறவில்லை. எத்தனை தடவை என்பதும் மாறவில்லை. மாறியது மாத்திரையின் பருமன் மட்டுமே. கோரிக்கையைப் பரிசீலித்தவர் “25” என்ற இலக்கத்தைக் கண்டார். பக்கத்திலிருந்த “2” என்ற இலக்கத்தைக் காணவில்லை. ஆகவே ஜனவரியில் ஒரு குறைப்பும் ஏப்ரலில் ஓர் அதிகரிப்பும் நடந்ததாகக் கணக்கெழுதினார்.

ஆனால் கொப்பியின் பிரதியை மட்டும் அனுப்பினால் போதாது. அவசரமாக எழுதிய கையெழுத்தை இன்னொருவர் மறுபடியும் பிழையாக வாசிக்கலாம். கிளினிக் வைத்தியரிடமிருந்து ஒரு சிறு கடிதம் வேண்டும். “இவர் நல்ல தேகாரோக்கியத்துடன் இருந்தார்” என்ற பொதுச் சான்றிதழால் பயனில்லை. வைத்தியரிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொடுத்து அவற்றுக்கு மட்டும் பதில் கேட்கவேண்டும். 2023 நவம்பர் 12 முதல் 2024 மே 9 வரை நோயாளி எடுத்த லொசார்டனின் நாளாந்த மொத்த அளவு என்ன? ஜனவரியில் 25 மி.கி. மாத்திரை கொடுக்கப்பட்டதன் காரணம் என்ன? அக்காலத்தில் பதிவான குருதி அமுக்க அளவுகள் எவை? பதில் கடிதத்தாளில், திகதியுடன், வைத்தியரின் பெயர், மருத்துவ சபைப் பதிவு எண், கையொப்பம் ஆகியவற்றுடன் இருக்கவேண்டும்.

இரண்டாங்காரணம்: ஆறு மணியும் ஆறு மாதமும்

இரண்டாவது காரணம் மருந்துக் கணக்கைவிட வேதனையானது. அன்று காலை அவசரப் பிரிவில் தாயாருடன் நின்றவர் பதினாறு வயதுப் பேரன். எப்போதிருந்து வலி என்று தாதி கேட்டார். “ஆறு மணியிலயிருந்து நோகுது, அப்பு” என்று பாட்டி சொன்னார். பதற்றத்தில் நின்ற, வீட்டுத் தமிழை அரைகுறையாக விளங்கும் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது “ஆறு மாதம்”. தாதி கேட்டதை எழுதினார். அந்த ஒரு வரி இரண்டு மாதங்களின் பின் குடும்பத்துக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது.

இங்கு “என் மகன் பிழையாக மொழிபெயர்த்துவிட்டான்” என்று தந்தை எழுதுவது மட்டும் போதுமானதன்று. பணம் கிடைக்கவேண்டிய ஒருவர் பின்னர் சொல்லும் விளக்கத்துக்கு எடை குறைவு. அதே நாளில், பணத்தைப் பற்றி எவரும் எண்ணாத நேரத்தில், வேறொருவர் எழுதிய குறிப்புக்கே எடை அதிகம். ஆம்புலன்ஸ் அறிக்கையில் வலி தொடங்கிய நேரம் காலை 6 மணி என்று இருக்கிறது. வீட்டில் தாயாரின் மகள் நின்று பதில் சொல்லியிருக்கிறார். தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரின் துணையுடன் பிற்பகலில் பேசிய இதயநோய் நிபுணர், “இன்று காலை முதல் வலி; இதற்குமுன் இவ்வாறு வந்ததில்லை” என்று எழுதியிருக்கிறார். கிளினிக் கொப்பியில் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நெஞ்சுவலி பற்றிய முறைப்பாடு எதுவும் இல்லை. ஒரு வரிக்கு எதிராக மூன்று பதிவுகள்.

இதற்கு மேலதிகமாக ஒரு வழியுண்டு. ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுத் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன் மருத்துவப் பதிவில் உள்ள பிழையைத் திருத்துமாறு நோயாளி வைத்தியசாலையை எழுத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். வைத்தியர் நேர்மையாக வெளியிட்ட தொழில்சார் அபிப்பிராயத்தைத் திருத்தவேண்டிய கடப்பாடு வைத்தியசாலைக்கு இல்லை. ஆனால் “மணி” என்பது “மாதம்” என்று பதிவானது அபிப்பிராயமன்று, தகவற்பிழை. வைத்தியசாலை திருத்த மறுத்தாலும், நோயாளியின் மறுப்புக் குறிப்பைப் பதிவுடன் இணைக்கும்படி கோரலாம். திருத்தக் கோரிக்கையின் பிரதியை மேன்முறையீட்டுடன் சேர்த்து அனுப்பவேண்டும்.

கடிதம் எவ்வாறு அமையவேண்டும்?

இவ்வளவும் கையிலிருந்தால் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டவேண்டியதில்லை. தலைப்பில் பத்திர எண், கோரிக்கை எண், நிராகரிப்புக் கடிதத்தின் திகதி. முதல் வரியிலேயே என்ன கேட்கப்படுகிறது என்பது. பின்னர் நிறுவனம் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் மூன்று படிகள்: பத்திரத்தின் வாசகம் என்ன சொல்கிறது, பதிவு என்ன சொல்கிறது, ஆகவே முடிவு என்ன. ஆங்கிலத்தில் எழுதப்படும் அக்கடிதத்தின் மையப் பகுதி, தமிழிற் சொன்னால், பின்வருமாறு அமையும்:

“2024 ஒக்டோபர் 9 திகதியிட்ட தங்கள் முடிவை மீளாய்வு செய்து, கோரிக்கையை முழுமையாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

முதற்காரணம். தாங்கள் ‘நிலையான நோய்நிலை’ என்ற வரையறையின் மருந்து மாற்றம் பற்றிய உட்பிரிவை மேற்கோள் காட்டியுள்ளீர்கள். அவ்வுட்பிரிவு மருந்தின் அளவு அல்லது தடவை கூடுவதையும் குறைவதையும் நிறுத்தப்படுவதையும் குறிக்கின்றது. இணைப்பு 1, பக்கம் 4 முதல் 6 வரை காண்க. மூன்று திகதிகளிலும் நாளாந்த அளவு 50 மி.கி.; நாளுக்கு ஒரு தடவை. 2024 ஜனவரி 17 அன்று 25 மி.கி. மாத்திரைகள் இரண்டு வழங்கப்பட்டன. வைத்தியரின் கடிதம் இணைப்பு 2. அளவும் தடவையும் மாறாதபடியால் இவ்வுட்பிரிவு பொருந்தாது.

இரண்டாங்காரணம். தாங்கள் காலை 7.10 மணிக்கான தாதியின் குறிப்பில் தங்கியுள்ளீர்கள். அதே நாள் ஆம்புலன்ஸ் அறிக்கையும் (இணைப்பு 3) இதயநோய் நிபுணரின் குறிப்பும் (இணைப்பு 4) வலி அன்று காலை 6 மணிக்குத் தொடங்கியதைக் காட்டுகின்றன. தாதியின் குறிப்பு, உடனிருந்த சிறுவன் ஒருவனின் மொழிபெயர்ப்பினூடாகப் பெறப்பட்டது. அதனைத் திருத்துவதற்கான விண்ணப்பம் இணைப்பு 5.

தங்கள் முடிவு மாறாதெனின், எந்த வாசகத்தையும் எந்த மருத்துவப் பதிவையும் ஆதாரமாகக் கொள்கிறீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, தங்கள் நிறுவனத்தின் இறுதி நிலைப்பாட்டுக் கடிதத்தை அனுப்புமாறு வேண்டுகின்றோம்.”

இக்கடிதத்தில் குடும்பத்தின் வறுமை இல்லை; கோபமும் இல்லை. நிறுவனம் ஏமாற்றுகிறது என்ற குற்றச்சாட்டும் இல்லை. மீளாய்வு செய்பவர் இணைப்பைத் திறந்து, பக்கத்தைப் பார்த்து, “சரிதான்” என்று சொல்லக்கூடியதாக ஒவ்வொரு வாக்கியமும் இருக்கிறது. அவருடைய மேலதிகாரிக்கு அவர் எழுதவேண்டிய குறிப்பைக் குடும்பமே எழுதிக்கொடுத்துவிடுகிறது.

சட்டத்தைச் சுட்டவேண்டுமாயின் ஒரே வரி போதும். கட்டுமான நிறுவனமொன்றின் காப்புறுதி தொடர்பான புரோகிரெசிவ் ஹோம்ஸ் எதிர் லொம்பார்ட் வழக்கில், 2010ஆம் ஆண்டு கனேடிய உச்ச நீதிமன்றம், காப்பு வழங்கும் வாசகங்களை விரிவாகவும் விலக்கு வாசகங்களைக் குறுக்கியும் பொருள்கொள்ளவேண்டும் என்ற கோட்பாட்டை எடுத்துரைத்தது. விலக்கு பொருந்துகிறது என்று நிறுவவேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. வாசகம் உண்மையிலேயே இருபொருள்படுமாயின், ஏனைய வழிகளாலும் தெளிவு பிறக்காதவிடத்து, அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள்கொள்ளப்படும். “மருந்து மாற்றம்” என்பது மாத்திரையின் பருமனையும் குறிக்கும் என்று நிறுவனம் வாதிடுமாயின், இந்தக் கோட்பாடு அப்போது பயன்படும். ஆனால் வாசகம் தெளிவாக இருக்கும் இடத்தில் இதைக் காட்டிப் பயனில்லை.

கடிதத்தால் ஆகாதவை

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஜனவரியில் லொசார்டன் 50 மி.கி.இலிருந்து 100 மி.கி.க்கு உயர்த்தப்பட்டிருந்தால், அந்தக் காரணத்தை எந்தக் கடிதத்தாலும் வெல்ல இயலாது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே கேள்வி, நோயாளிக்கு வந்த அவசர நோய்க்கும் அந்த முன்னைய நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதே. கால் முறிந்தவருக்கு அது நல்ல வாதம். மாரடைப்பு வந்தவருக்கு, குருதி அமுக்கம் மாரடைப்பின் அறியப்பட்ட காரணிகளுள் ஒன்றாகையால், அது மிகப் பலவீனமான வாதம்.

அத்தகைய நிலையில் ஊரிலுள்ள தெரிந்த வைத்தியரிடம் பின்திகதியிட்டு ஒரு கடிதம் வாங்கலாம், கொப்பியில் ஒரு வரியைத் திருத்தலாம் என்று ஆலோசனை சொல்வோர் உளர். இதைவிடப் பெருந்தீங்கு வேறில்லை. மூலப்பதிவும் கடிதமும் முரண்பட்டால், தவறென்று தள்ளப்பட்ட கோரிக்கை மோசடி என்று தள்ளப்படும். பத்திரம் முழுவதும் செல்லாததாகலாம். அடுத்த முறை உண்மையான பதிவுடன் வரும் இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் கொப்பியும் ஐயத்துடனேயே பார்க்கப்படும்.

இன்னொரு வகை நிராகரிப்பும் உண்டு. விண்ணப்பத்தின் மருத்துவக் கேள்விகளுக்குப் பிழையான பதில் கொடுக்கப்பட்டது என்று கூறிப் பத்திரத்தையே நிறுவனம் இரத்துச் செய்வது. தாயாரைக் கேளாமல் பிள்ளைகள் தொலைபேசியில் முகவருக்கு “ஒரு வருத்தமும் இல்லை” என்று சொன்னதன் விளைவு பெரும்பாலும் இதுவே. அதற்கான பதில் மேற்காட்டிய கடிதமன்று. சட்டத்தரணியை நாடவேண்டிய விடயம். ஆகவே நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்ததும், அது விலக்கு வாசகத்தைச் சொல்கிறதா, விண்ணப்பப் பதிலைச் சொல்கிறதா என்று முதலில் பிரித்தறியவேண்டும்.

நாட்களும் அடுத்த வாயிலும்

மேன்முறையீடு நடந்துகொண்டிருப்பதால் காலம் நின்றுவிடுவதில்லை. ஒன்ராறியோவில் வழக்குத் தொடர்வதற்கான காலம் பொதுவாக 2 ஆண்டுகள். பத்திரத்திலும் தனியான காலவரம்பு குறிப்பிடப்பட்டிருக்கலாம். அதை முதல் நாளிலேயே தேடிக் குறித்துக்கொள்ளவேண்டும். நிறுவனத்துடன் கடிதம் எழுதிக்கொண்டே அந்த நாளைத் தவறவிட்டவர்களுக்கு, எவ்வளவு நல்ல ஆதாரம் இருந்தாலும் நீதிமன்றக் கதவு மூடிவிடக்கூடும்.

வைத்தியசாலையின் கட்டணப் பிரிவுக்கும் உடனே எழுதி, காப்புறுதி மேன்முறையீடு நடைபெறுவதால் கணக்கைக் கடன் வசூலிப்போரிடம் ஒப்படைக்காமல் வைத்திருக்குமாறு கேட்கவேண்டும். சம்மதத்தை எழுத்தில் பெறுதல் நன்று.

நிறுவனம் இறுதி நிலைப்பாட்டுக் கடிதம் தந்தும் மறுத்தால், ஆயுள் மற்றும் சுகாதாரக் காப்புறுதிகளுக்கான குறைகேள் அமைப்பான ஓ.எல்.எச்.ஐ.இடம் செல்லலாம். அதற்குக் கட்டணமில்லை. அதன் பரிந்துரை நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். அங்கும் கேட்கப்படப்போவது இதே வாசகமும் இதே பதிவுகளுமே. ஆகவே முதற்கடிதத்தை ஒழுங்காக எழுதியவருக்கு இரண்டாவது வாயிலில் புதிய வேலை அதிகமில்லை.

பேரனின் பங்கு

எடுத்துக்காட்டில் வரும் பேரனின் வயதிலுள்ள பிள்ளைகள் புலம்பெயர் வீடுகள்தோறும் இருக்கிறார்கள். பாட்டியின் தமிழுக்கும் வைத்தியரின் ஆங்கிலத்துக்கும் நடுவில் அவர்கள் நிறுத்தப்படுகிறார்கள். அந்தப் பிள்ளையின் ஒரு சொல் 46,000 டொலரைத் தடுத்துவைத்தது என்று வீட்டில் எவரும் அவனைக் கடியலாகாது. அவசரப் பிரிவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவேண்டியவர்கள் பெரியவர்கள். பல வைத்தியசாலைகளில் தொலைபேசிவழி மொழிபெயர்ப்பு வசதி உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

அதேவேளை, அந்தக் கிளினிக் கொப்பியைத் திறந்து இருபத்தைந்தையும் இரண்டையும் பெருக்கிப் பார்க்கக்கூடியவனும் அதே பேரன்தான். காப்புறுதிப் பத்திரத்தின் ஆங்கிலத்தைத் தாய்தந்தையரைவிட நன்றாக வாசிப்பவனும் அவனே. பாட்டி அடுத்த முறை விமானமேறுவதற்கு முன், தொலைபேசியில் அவரை அழைத்து, கடந்த ஆறு மாதத்தில் மருந்து எதுவும் மாறியதா என்று கேட்டு, கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, காப்புத் தொடங்கும் திகதியிலிருந்து நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்க்கும் பொறுப்பை அவனிடம் கொடுக்கலாம். மருந்து மாறியிருந்தால், அதை முகவருக்கு எழுத்தில் அறிவித்து, நிலையற்ற நோயையும் ஏற்கும் வேறு பத்திரம் கிடைக்குமா என்று கேட்கவோ, பயணத்தைச் சில வாரம் தள்ளிவைக்கவோ அப்போது காலம் இருக்கும். நிராகரிப்புக் கடிதம் வந்தபின் எண்ணப்படும் அதே 180 நாட்களை, பயணச்சீட்டு வாங்கும்போதே எண்ணிவிட்டால் மேன்முறையீட்டுக்கே தேவை இராது.